முகூர்த்த மாதத்தில் மிஞ்சுவதில் மூன்றில் ஒன்று: முதுமைக்கு இது போதுமா?

கும்பகோணம் கேமரா | 6 ஆகஸ்ட் 2024

திருமணப் புகைப்படம் எடுப்பது என் தொழில். வயது 38. "மாதாமாதம் பத்து சதவீதம் எடுத்து வை" என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள். வைகாசியில் எனக்கு அந்தப் பத்து சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. ஆடியில் அதே பத்து சதவீதம்தான் மளிகைக் கடைக்காரரின் பாக்கி. வைகாசியில் போட்டதை ஆடியில் திரும்ப எடுப்பேன். வருட முடிவில் கணக்கில் நிற்பது முதுமைப் பணம் அல்ல, போக்குவரத்துப் பணம்.

அதனால் வேறு விதி வைத்திருக்கிறேன். என் குடும்பம் நடக்க மாதம் 28,000 ரூபாய் வேண்டும். அதைக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவியாள் கூலி, ஆல்பம் அச்சு, பெட்ரோல், வாடகை லென்ஸ் எல்லாம் போகக் கையில் நிற்பது கோட்டைத் தாண்டினால், தாண்டியதில் மூன்றில் ஒரு பங்கு முதுமைக்கு. தாண்டாத மாதம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். மற்ற இரண்டு பங்கு ஆடி, புரட்டாசி, மார்கழிக்கும் கேமராவுக்கும்.

மூன்றில் ஒன்று போதுமா, எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. ஆடி மாதம், மண்டபங்கள் காலி, யோசிக்க நேரம் இருக்கிறது.

சீட்டு நண்பன் | 6 ஆகஸ்ட் 2024

விதியெல்லாம் எதற்கு? பதிவு பெற்ற நிறுவனத்தில் மாதம் பத்தாயிரம் சீட்டு சேருங்கள். கட்டாயம் இருந்தால்தான் மனிதன் சேமிப்பான். தயவுசெய்து பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு தொகையும் பதினைந்து வருடம் உள்ளே மாட்டிக்கொள்ளும். 50 வயதில் போட்டதை 65இல்தான் பார்ப்பீர்கள்.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 6 ஆகஸ்ட் 2024

சேமிப்புக் கவுண்டரில் காலம் தள்ளியவன் நான். சீட்டு நண்பர் சொன்னதில் பாதி சரி.

பதினைந்து வருடம் என்பது கணக்குக்கு, தொகைக்கு அல்ல. கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிவிலிருந்து எண்ண வேண்டும். இந்த ஆண்டு தொடங்கினால் 2040 ஏப்ரலில் முதிர்வு. 2039இல் போட்ட பணமும் அன்றைக்கே வெளியே வரும். எனவே வயதாக ஆக, போடும் பணம் மாட்டிக்கொள்ளும் காலம் குறைகிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 45 வயதில் கணக்கை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேமரா தம்பிக்கு அந்தக் கணக்கு பொருந்துவதற்குக் காரணம் வட்டி அல்ல. வருடத்துக்கு 500 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். ஒன்றரை லட்சம் வரை எந்த மாதமும், எத்தனை முறையும், ஐம்பதின் மடங்காகப் போடலாம். வெறும் மாதத்தில் அபராதம் கிடையாது. அஞ்சலக ஆர்.டி.யில் தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கே நின்றுவிடும். ஆர்.டி. சம்பளக்காரருக்காகத் தைத்த சட்டை.

ஈரோடு தையல் | 7 ஆகஸ்ட் 2024

எனக்கும் இதே பாடுதான், மாதங்கள் மட்டும் வேறு. ரவிக்கை தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் தை மாதமும்தான் என் வைகாசி.

நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று தங்கக் காசு வாங்கி வைத்தேன். முதுமைக்கு என்றுதான். அடுத்த ஆடியில் அது அடகுக் கடைக்குப் போகும். தையில் மீட்பேன். வட்டி கட்டிக் கட்டி, வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் தங்கம் ஏறிய லாபத்தில் பாதி அடகுக்காரருக்கு. சட்டென்று பணமாக்க முடிவது தங்கத்தின் பலம் என்பார்கள். எனக்கு அதுதான் வினை.

திருச்சி வாடகை வீடு | 7 ஆகஸ்ட் 2024

என் மாமனாருக்கு 67 வயது. நிலம் விற்ற பணம் இருக்கிறது. அவருக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு விதி சரிப்படுமா?

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 7 ஆகஸ்ட் 2024

அவர் போய்ச் சேர்ந்த ஊருக்கு நாங்கள் இப்போதுதான் டிக்கெட் எடுக்கிறோம். 60 தாண்டியவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், இப்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வரும். வேறு கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள்.

கும்பகோணம் கேமரா | 8 ஆகஸ்ட் 2024

போன நிதியாண்டுக் கணக்கை வைத்து விதியைச் சோதித்துப் பார்த்தேன். தொழில் செலவு போகக் கையில் நின்றது, ஆயிரத்தில்:

ஏப்ரல் 30, மே 62, ஜூன் 58, ஜூலை 24, ஆகஸ்ட் 16, செப்டம்பர் 55, அக்டோபர் 12, நவம்பர் 46, டிசம்பர் 34, ஜனவரி 20, பிப்ரவரி 64, மார்ச் 35.

மொத்தம் 4,56,000. கோட்டுக்கு மேலே நின்ற மாதங்களின் மிச்சத்தைக் கூட்டினால் 1,60,000. கோட்டுக்குக் கீழே விழுந்தவை நான்கு: ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி. அவற்றின் பள்ளம் 40,000.

மூன்றில் ஒன்று என்றால் முதுமைக்கு 53,300. பத்து சதவீத விதி என்றால் 45,600. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் பத்து சதவீத விதி அந்த நான்கு வறண்ட மாதங்களிலும் என்னிடம் 7,200 கேட்டிருக்கும். அக்டோபரில் 12,000 வைத்துக்கொண்டு 1,200ஐ முதுமைக்கு ஒதுக்கும் மனிதனை எனக்குக் காட்டுங்கள், அவனைப் படம் எடுத்து ஸ்டுடியோவில் மாட்டிவைக்கிறேன்.

ஈரோடு தையல் | 8 ஆகஸ்ட் 2024

மே மாதம் 62 என்கிறீர்களே, அதில் முன்பணம் எவ்வளவு?

கும்பகோணம் கேமரா | 8 ஆகஸ்ட் 2024

15. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு வைகாசியிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஈரோடு தையல் | 8 ஆகஸ்ட் 2024

அப்படியென்றால் மே மாத வருமானம் 47தான். துணியை வெட்டாமல் வாங்கிய பணம் என் பணம் ஆகாது. ஆல்பத்தைக் கையில் கொடுக்கும்வரை அந்தப் பதினைந்தும் உங்களுடையது இல்லை. கல்யாணம் தள்ளிப் போனால் திருப்பிக் கேட்பார்கள், அல்லது அடுத்த தேதிக்கு அதே விலையில் வரச் சொல்வார்கள்.

வருடக் கூட்டல் மாறாது என்பது எனக்கும் தெரியும். மேயில் குறைவது செப்டம்பரில் ஏறிக்கொள்ளும். ஆனால் அந்த 15இல் மூன்றில் ஒன்று, 5,000 ரூபாயை ஜூனிலேயே எடுக்க முடியாத கணக்கில் போட்டிருப்பீர்கள். செப்டம்பரில் ஆல்பம் அச்சுக்காரர் வாசலில் நிற்கும்போது அது உதவாது. நான் முன்பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். துணி போய்ச் சேர்ந்த அன்று அதிலிருந்து என் கணக்குக்கு மாற்றுவேன். அந்தத் தேதியில்தான் அது வருமானம்.

கும்பகோணம் கேமரா | 9 ஆகஸ்ட் 2024

இது என் விதியில் இல்லாத வரி. சேர்த்துவிட்டேன்: முன்பணம் வருமானம் அல்ல.

இன்னொன்றையும் சேர்த்தேன். மகளின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 36,000. அது ஜூனில் மொத்தமாக வந்து விழுந்தாலும் மாதம் 3,000 என்று 28,000 கோட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிக் காப்பீடு, தீபாவளித் துணி இவையும் அப்படியே. இவற்றை வெளியே விட்டுவிட்டுக் கோடு போட்டால் மிச்சம் பெரிதாகத் தெரியும், ஜூனில் சாயம் வெளுத்துவிடும்.

தஞ்சை தவில் | 11 ஆகஸ்ட் 2024

ஆடியை எல்லோரும் வறட்சி என்கிறீர்கள். அம்மன் கோயில்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஆடியில் கூழ் ஊற்றுவதில் தொடங்கி தீமிதி வரை இரவு பகல் வேலை. எனக்கு மார்கழிதான் ஓட்டை. எனவே விதியில் மாதப் பெயர் போடாதீர்கள், கோடு மட்டும் போதும்.

எனக்கு வயது 51. செட்டுக் கணக்கில் நாதஸ்வரக்காரர் பிரித்துத் தருவது பெரும்பாலும் ரொக்கம். வீட்டுக்கு வருவதற்குள் பாதி குறைந்துவிடும். நான் இப்போது பதினைந்து வருடக் கணக்கு தொடங்கினால் 66. தோள் அதுவரை தவில் தாங்காது.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 11 ஆகஸ்ட் 2024

தவில்காரர் ஐயாவுக்கு. 51இல் அதையே முழுதாக நம்ப வேண்டாம், ஆனால் 500 ரூபாய் போட்டுக் கணக்கைத் தொடங்கி வையுங்கள். இந்த ஆண்டு தொடங்கினால் 2030 ஏப்ரல் முதல் வருடத்துக்கு ஒருமுறை பகுதித் தொகை எடுக்கலாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. "பாதி எடுக்கலாம்" என்று கவுண்டரில் சொல்வார்கள். அது இன்றைய இருப்பில் பாதி அல்ல. எடுக்கும் ஆண்டுக்கு முந்தைய நான்காம் ஆண்டு முடிவில் இருந்த இருப்பு, போன ஆண்டு முடிவில் இருந்த இருப்பு, இரண்டில் எது குறைவோ அதில் பாதி. ஆகவே கடைசி மூன்று நான்கு வருடங்களில் நிறையப் போட்டுவிட்டு உடனே எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

உங்கள் ஆடிப் பணத்தில் பெரும்பகுதிக்கு ஐந்து வருட டைம் டெபாசிட் பொருத்தம். இப்போது 7.5 சதவீதம். ஆடி முடிந்ததும் ஒரே தொகையாகப் போடுங்கள். 56இல் முதிரும், மறுபடி போட்டால் 61. அந்த வட்டி மட்டும் வருமான வரிக் கணக்கில் வரும், பி.பி.எஃப். வட்டி வராது.

சீட்டு நண்பன் | 11 ஆகஸ்ட் 2024

எல்லாம் சரி. கட்டாயம் எங்கே? "தாண்டாத மாதம் கட்ட வேண்டாம்" என்று ஒரு வாசல் திறந்து வைத்தால் எல்லா மாதமும் தாண்டாத மாதம் ஆகிவிடும்.

கும்பகோணம் கேமரா | 12 ஆகஸ்ட் 2024

கட்டாயம் எனக்கும் தெரியும். 2020இல் பங்குனி நடுவில் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தம் முழுதும் போயிற்று. மண்டபங்களுக்குப் பூட்டு. சீட்டை ஏற்கெனவே எடுத்துச் செலவழித்திருந்தேன், தவணை மட்டும் மாதாமாதம் தொடர்ந்தது. நல்ல லென்ஸ் ஒன்றை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றுத் தவணை கட்டினேன். லென்ஸ் இல்லாமல் அடுத்த வருடம் வாடகைக்கு எடுத்தேன். ஒழுங்கற்ற வருமானக்காரன் ஒழுங்கான தவணையில் கையெழுத்துப் போட்டால் தொழில் கருவியைத் தின்பான்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கோட்டை யார் போடுவது என்பதில்தான் ஏமாற்று வேலை நடக்கும். வைகாசியில் உட்கார்ந்து கோடு போட்டால் 28 தன்னால் 35 ஆகிவிடும். நான் போன வருடத்தின் நான்கு வறண்ட மாதங்களில் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று வங்கிப் புத்தகத்தில் பார்த்துச் சராசரி எடுத்தேன். வருடச் செலவுகளின் மாதப் பங்கைக் கூட்டினேன். அதுதான் 28. சித்திரையில் ஒருமுறை மட்டும் மாற்றலாம். நடுவில் மாற்றுவதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும். அவள் சம்மதிக்க மாட்டாள்.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 14 ஆகஸ்ட் 2024

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று போதுமா? போட்டுப் பார்த்தேன். தம்பி கோபப்படக்கூடாது.

வருடம் 53,300, 22 வருடம், இப்போதைய 7.1 சதவீதம் அப்படியே நீடிக்கிறது என்று வைத்தால் 60 வயதில் 26 லட்சம் சொச்சம். அதை மூத்த குடிமக்கள் திட்டத்தில் இன்றைய வட்டிக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 18,000. கேட்க நன்றாக இருக்கிறது. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் 22 வருடத்தில் பொருள்களின் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த 18,000 இன்றைய காசில் 6,000 சொச்சம்தான் வாங்கும்.

சீட்டு நண்பன் | 14 ஆகஸ்ட் 2024

28,000 வேண்டியவருக்கு 6,000. நான் எதுவும் சொல்லவில்லை.

கும்பகோணம் கேமரா | 14 ஆகஸ்ட் 2024

இன்று இரவு உறக்கம் இல்லை. ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 15 ஆகஸ்ட் 2024

கணக்கின் மறுபாதியையும் எழுதிவிடுகிறேன். நேற்று 22 வருடமும் அதே 53,300 என்று வைத்தேன். உங்கள் விதி அப்படிச் சொல்லவில்லை. அது பங்கு, தொகை அல்ல. பொருள்களின் விலை ஏறும்போது உங்கள் ஆர்டர் விலையும் ஏறும், கோடும் ஏறும், மிச்சமும் ஏறும், போடும் தொகையும் ஏறும். வருடம் 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்தால் 40 லட்சம் வருகிறது. இன்றைய காசில் மாதம் 9,500 அளவுக்கு. "மாதம் 4,500" என்று ரூபாயில் முடிவு செய்து அதிலேயே நிற்பவர்களுக்கு இது கிடைக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆர்டர் விலையை ஏற்ற வேண்டும். ஐந்து வருடமாக ஒரே விலையில் எடுத்துக்கொண்டிருந்தால் கோடு மட்டும் ஏறும், மிச்சம் கரையும்.

9,500ம் போதாது. பாதிப் பங்கு போட முடியுமா என்று பாருங்கள். 1,60,000இல் பாதி 80,000. மற்ற 80,000இல் பள்ளம் 40,000 போக 40,000 நிற்கும்.

கும்பகோணம் கேமரா | 15 ஆகஸ்ட் 2024

கேமரா உடல் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதாவது வருடம் 30,000. பாதி போட்டால் மிஞ்சுவது 10,000. ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

ஈரோடு தையல் | 16 ஆகஸ்ட் 2024

கேமரா மாற்றுவது தொழில் செலவுதானே? மாதம் 2,500ஐ ஆல்பம் அச்சு மாதிரி மேலேயே கழித்துவிடுங்கள். என் தையல் இயந்திர மோட்டாருக்கு அப்படித்தான் செய்கிறேன். அப்போது மிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் அதில் பாதி போடத் தைரியம் வரும்.

தஞ்சை தவில் | 16 ஆகஸ்ட் 2024

எங்களுக்குத் தோல் மாற்றும் செலவு. வெயில் காலத்தில் ஒன்று, மழைக் காலத்தில் ஒன்று. கேமராவைவிட மலிவு, ஆனால் கச்சேரி நடுவில் கிழியும்.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 17 ஆகஸ்ட் 2024

ஆவணி பிறந்துவிட்டது, தம்பி வேலைக்குப் போய்விடுவார். அதற்குள் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பள்ளக் கணக்கு. போன வருடப் பள்ளம் 40,000 என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் 40,000 சேரும்வரை பூட்டுக் கணக்கில் 500க்கு மேல் போடாதீர்கள். அது நிரம்பிய பிறகு மூன்றில் ஒன்று, இரண்டாம் வருடத்தில் பாதி. பள்ளம் நிரம்பாமல் முதுமைக்குப் பூட்டினால் ஐப்பசியில் வட்டிக்கு வாங்குவீர்கள். கடன் வட்டி 24, சேமிப்பு வட்டி 7. இதில் முதுமை எங்கிருந்து வரும்?

ஈரோடு தையல் | 17 ஆகஸ்ட் 2024

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சேமிப்புக் கணக்கில் சும்மா நிற்கும் 40,000 நிரம்பவே நிரம்பாது. ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கும்போது 31,000 வரும், ஒரு சீர் வரும், 19,000 ஆகும். பிறகு வாழ்நாள் முழுதும் "நிரம்பட்டும், அப்புறம் முதுமை" என்று இருப்போம். முதல் நாளிலிருந்தே இரண்டிலும் போட வேண்டும், சிறியதாக இருந்தாலும்.

அடல் பென்ஷனில் நான் 30 வயதில் சேர்ந்தேன். 60இல் மாதம் 5,000 வர மாதம் 577. முதலில் மாதாமாதம் வங்கி தானாகவே எடுத்தது. ஆடியில் கணக்கில் பணம் இல்லை, அபராதம் ஏறியது. அரையாண்டுத் தவணைக்கு மாற்றிக்கொண்ட பிறகு ஒரு தவணை தீபாவளிப் பணத்தில் போய்விடுகிறது. அந்த 5,000 அப்போதும் 5,000தான், பெரியவர் சொன்ன விலைவாசிக் கணக்கில் அது சுருங்கும். ஆனாலும் உயிர் உள்ளவரை வரும். 40 வயதுக்குள் சேர வேண்டும், வருமான வரி கட்டுபவர் சேர முடியாது.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 18 ஆகஸ்ட் 2024

அம்மா சொல்வது மனித சுபாவம், நான் சொல்வது கணக்கு. ஏ.டி.எம். அட்டை வாங்காத ஒரு கணக்கில் அந்த 40,000ஐ வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். யார் சரி என்பது ஆளைப் பொறுத்தது.

கும்பகோணம் கேமரா | 4 அக்டோபர் 2024

ஆவணி ஓடிவிட்டது. வளர்பிறை, தேய்பிறை என்று பார்க்காமல் எல்லா முகூர்த்தத்திலும் கூட்டம். செப்டம்பரில் முன்பணம் தவிர்த்து, கேமராவுக்கு 2,500 கழித்து, கையில் நின்றது 68,500. கோடு போக 40,500. மூன்றில் ஒன்று 13,500.

பெரியவரும் தையல் அக்காவும் சொன்ன இரண்டையும் ஒரு மாதிரி கலந்துவிட்டேன். 13,500ஐ இரண்டாகப் பிரித்துப் பாதியைப் பள்ளக் கணக்கில் கூடுதலாகப் போட்டேன், பாதியைப் புதிய பி.பி.எஃப். கணக்கில். 6,750, ஐம்பதின் மடங்கு. அஞ்சலகத்தில் கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது முதிர்வுத் தேதி 2040 என்று பார்த்தேன். மகள் அப்போது வேலைக்குப் போயிருப்பாள்.

5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நேற்றுக் கட்டிவிட்டேன்.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 4 அக்டோபர் 2024

5ஆம் தேதி மாலைக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. அதனால் போன மாதக் கணக்கை ஒன்று, இரண்டு தேதிகளில் முடித்து ஐந்துக்குள் கட்டுவது நல்ல பழக்கம். தவறினால் பத்தாயிரத்துக்கு 59 ரூபாய் நஷ்டம். அதற்காக முகூர்த்தத்தை விட்டுவிட்டு அஞ்சலகத்துக்கு ஓட வேண்டாம்.

2040இல் இன்னொன்று. முதிர்ந்த ஓராண்டுக்குள், தொடர்ந்து கட்டுவதற்கான படிவம் கொடுத்தால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். கொடுக்காமல் பணம் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் புதுத் தொகைக்கு வட்டி கிடையாது. 53 வயதில் இதை ஞாபகம் வைத்திருங்கள். நான் அப்போது சொல்ல இருக்கமாட்டேன்.

சீட்டு நண்பன் | 21 அக்டோபர் 2024

புரட்டாசி எப்படி?

கும்பகோணம் கேமரா | 21 அக்டோபர் 2024

பெருமாள் கோயில் கூட்டத்தைத்தான் படம் எடுத்தேன். இலவசமாக. இந்த மாதம் கோட்டுக்கு 17,000 கீழே இருக்கும் என்று தோன்றுகிறது, பள்ளக் கணக்கிலிருந்து 10,000 எடுத்துவிட்டேன். பி.பி.எஃப். பக்கம் கை போகவில்லை, போனாலும் கிடைக்காது.

தஞ்சை தவில் | 9 டிசம்பர் 2024

டைம் டெபாசிட் போட்டேன், 500 ரூபாய் கணக்கும் தொடங்கினேன். இரண்டும் என் பெயரில். வீட்டில் கேட்கிறார்கள், அவள் பெயரில் ஒன்று தொடங்கினால் என்ன என்று. அவள் பூ கட்டுகிறாள், அவளுக்கும் நல்ல மாதம், கெட்ட மாதம் உண்டு.

ஓய்வுபெற்ற அஞ்சலகம் | 9 டிசம்பர் 2024

தாராளமாக. ஒன்றரை லட்ச வரம்பு ஆளுக்குத் தனித்தனி. பி.பி.எஃப். கூட்டுக் கணக்காகத் தொடங்க முடியாது, அதனால் அவர்கள் பெயரில் தனியாகத்தான் வேண்டும். கடன்காரர் நீதிமன்றத்துக்குப் போனாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. இரண்டு கணக்கிலும் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா?

தஞ்சை தவில் | 10 டிசம்பர் 2024

செய்யவில்லை. படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தது, அவர்களும் கேட்கவில்லை. நாளை காலை போகிறேன், மதியம் கச்சேரி.

கும்பகோணம் கேமரா | 10 டிசம்பர் 2024

வீட்டுக்காரர் வாடகையை 1,500 ஏற்றிவிட்டார். கோட்டை இப்போதே ஏற்றலாமா, சித்திரை வரை பொறுக்க வேண்டுமா? விதிப்படி பொறுக்க வேண்டும். ஆனால் வாடகை என்பது ஆசைச் செலவு அல்லவே.

ஈரோடு தையல் | 10 டிசம்பர் 2024

வாடகை, பள்ளி, மருந்து மூன்றுக்கும் விதிவிலக்கு கொடுங்கள். நான்காவது ஒன்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

சீட்டு நண்பன் | 11 டிசம்பர் 2024

நான்காவது நிச்சயம் ஒரு டிரோன்.